ஆரி பிளவுஸ் லிஸ்டிங்கில் என்ன எழுத வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் வீட்டிலிருந்தே ஆரி வேலை செய்து, பிளவுஸ் தைத்து, ஆன்லைனில் ஆர்டர் எடுத்து வருகிறேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் பெண்கள் வேலையைப் பற்றிக் கேட்பதைவிட லிஸ்டிங் எழுதுவதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். எனக்குச் சண்டை வந்த இடங்கள் எல்லாமே லிஸ்டிங்கில் நான் எழுதாமல் விட்ட இடங்கள்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

"கஸ்டம் ஆர்டர் மட்டும்" என்று ஒரு வரி போட்டால் போதாதா?

போதாது. அந்த வரியைப் படிப்பவருக்கு "ஆர்டர் கொடுத்தால் செய்து தருவார்கள்" என்பது மட்டும்தான் புரியும். கடையில் வாங்கிய சுடிதாரை மாற்றித் தருவதுபோல இதையும் மாற்றித் தருவார்கள் என்றே நினைத்துக்கொள்வார்.

அவருக்குத் தெரியாத விஷயம், ஆரி பிளவுஸில் வேலை நடக்கும் வரிசை. சாதாரண பிளவுஸை வெட்டித் தைத்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் கழுத்தை இன்னும் கொஞ்சம் இறக்கலாம். ஆரியில் அது முடியாது. துணியை வெட்டுவதற்கு முன்பே, அவருடைய அளவில் கழுத்து வளைவையும் கையையும் துணியில் வரைந்துவிடுகிறோம். டிரேசிங் பேப்பரில் டிசைனைத் துளையிட்டு அந்தக் கோட்டின் மேல் பதிக்கிறோம். பிறகு கட்டையில் துணியை இழுத்துக் கட்டி, ஜரிகை, சீனிமணி, குந்தன் கல் எல்லாம் வைத்து முடிக்கிறோம். வெட்டுவதும் தைப்பதும் அதற்குப் பிறகுதான். ஆக, கழுத்தின் இறக்கமும் அகலமும் மார்க்கிங் போட்ட அன்றே முடிவாகிவிடுகின்றன. பிறகு இறக்கினால் வேலை வெட்டுப்படும். ஏற்றுவதற்கோ துணியே இருக்காது.

இதை லிஸ்டிங்கில் மூன்று வரியில் சொல்லிவிடுங்கள். அளவை ஏன் இவ்வளவு கறாராகக் கேட்கிறோம், ஏன் இத்தனை நாள் ஆகிறது, ஏன் சாதாரணமாகத் திரும்ப எடுக்க முடியாது என்ற மூன்றுக்கும் காரணம் இந்த ஒன்றுதான். காரணம் தெரிந்தவர் நிபந்தனையைப் படித்துக் கோபப்படுவதில்லை.

போட்டோவில் இருப்பது வேறு ஒருவருக்குச் செய்தது. அதை எப்படிச் சொல்வது?

அப்படியே சொல்லுங்கள். "படத்தில் இருப்பது முன்பு ஒரு வாடிக்கையாளருக்குச் செய்தது. உங்கள் துணியின் நிறத்துக்கு ஏற்ப மணியும் நூலும் மாறும்." இதோடு எங்கெங்கே எவ்வளவு வேலை என்பதையும் எழுத வேண்டும். "ஹெவி ஒர்க்" என்பது அளவு ஆகாது. ஒருவருக்கு ஹெவியாகத் தெரிவது இன்னொருவருக்கு லைட்டாகத் தெரியும். "பின்கழுத்தைச் சுற்றி 2 அங்குல பார்டர், முன்கழுத்தில் 1 அங்குல பார்டர், இரண்டு கையிலும் ஓரத்திலிருந்து 4 அங்குலம், அதற்கு மேல் சிதறிய புட்டா" என்று எழுதினால் யாரும் வாதாட முடியாது. விலையும் இந்த அளவுக்குத்தான் என்பது தானாகவே விளங்கிவிடும்.

வாங்குபவர் என்னென்ன அனுப்ப வேண்டும் என்று எழுதுவது?

நான் கேட்பது மூன்று: துணி, அளவு ஜாக்கெட், விசேஷத் தேதி.

துணியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பட்டுப் புடவையோடு வரும் பிளவுஸ் துணியை வெட்டி அனுப்பச் சொல்கிறேன், முழுப் புடவையை அனுப்ப வேண்டாம். புடவை கூரியரில் தொலைந்தால் அந்த இழப்பை யாராலும் ஈடுகட்ட முடியாது. எந்த இடத்தில் வெட்டுவது என்று சந்தேகம் இருந்தால், வெட்டுவதற்கு முன் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். புடவைத் துணி 80 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், முழங்கை வரை கையும் வைத்து, கட்டையில் கட்டவும் ஓரம் விட்டு வேலை செய்வது சிரமம். அப்போது ராசில்க் 1 மீட்டர் எடுத்துக்கொள்ளலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுவேன். துணி நம்முடையது என்றால் நிறத்தை போனில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புடவையின் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டையாவது அனுப்பச் சொல்லிப் பகல் வெளிச்சத்தில் ஒத்துப் பாருங்கள். மயில் கழுத்து நிறமும் கரும்பச்சையும் போன் திரையில் ஒன்றுபோலவே தெரியும்.

அளவு ஜாக்கெட் என்றால், இப்போது போட்டுப் பார்த்தால் சரியாக இருக்கிற ஜாக்கெட். இதையும் எழுத வேண்டும். கல்லூரிக் காலத்துப் பிளவுஸை எடுத்து, "இதுதான் எனக்கு ரொம்ப நன்றாக இருந்தது" என்று அனுப்புபவர்கள் உண்டு. கூடவே ஒரு தாளில் எது சரி, எது மாற வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். "கை அரை அங்குலம் லூஸ் வேண்டும், மற்றதெல்லாம் இதேபோல" என்றால் போதும். பெயரும் போன் எண்ணும் எழுதிய சீட்டு பார்சலுக்குள்ளும் இருக்க வேண்டும். மேலே ஒட்டிய சீட்டு கிழிந்து, யாருடைய துணி என்று தெரியாமல் ஒரு பார்சல் என் வீட்டில் 4 நாள் கிடந்தது.

விசேஷத் தேதியைக் கேட்பது டெலிவரிக்காக மட்டும் அல்ல. அது எந்த விசேஷம் என்பதும் தெரிய வேண்டும். வளைகாப்புக்கு என்றால் உடம்பு இன்னும் மாறும். அதற்கு உள்ளே கூடுதல் துணி விட்டுத்தான் வெட்டுவேன்.

அளவு ஜாக்கெட் அனுப்ப மாட்டேன், அளவை வாட்ஸ்அப்பில் போடுகிறேன் என்கிறார்களே?

ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு அளவையும் எங்கிருந்து எங்கே எடுப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

ஆரம்பத்தில் என் லிஸ்டிங்கில் "பின்கழுத்து இறக்கம்" என்று மட்டும் இருந்தது. ஒரு கல்யாணப் பெண் 9 அங்குலம் என்று அனுப்பினார். நாங்கள் தையல்காரர்கள் இறக்கத்தைத் தோள்பட்டையின் உச்சியிலிருந்து எடுப்போம். அவரோ பிடரி எலும்பிலிருந்து டேப்பை வைத்து எடுத்திருக்கிறார். தோளின் உச்சி பிடரியைவிட ஏறக்குறைய ஒரு அங்குலம் உயரத்தில் இருக்கும். நான் 9 என்று வைத்ததும் அவர் கேட்டதைவிடக் கழுத்து ஒரு அங்குலம் மேலே நின்றுவிட்டது. பிளவுஸில் எந்தப் பிழையும் இல்லை, அளவும் அவர் எழுதியதுதான், ஆனாலும் அவர் நினைத்த கழுத்து வரவில்லை. பார்டர் அந்த வளைவிலேயே ஓடுவதால் இறக்கவும் முடியவில்லை.

அதில் தவறு என்னுடையது என்றே நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். எங்கிருந்து எடுப்பது என்று நான் சொல்லவில்லை. மீதித் துணியில் பின்பகுதியை மட்டும் மறுபடி ஆரி போட்டு, பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். நான்கு நாள் வேலை, கூலி வாங்கவில்லை.

அதற்குப் பிறகு லிஸ்டிங்கில் ஒரு படம் சேர்த்தேன். ஒரு பிளவுஸைத் தரையில் விரித்து, ஒவ்வொரு அளவுக்கும் டேப்பை வைத்து எடுத்த போட்டோ. மார்புச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு, தோள்பட்டை, பிளவுஸ் நீளம், முன்கழுத்து, பின்கழுத்து, கை நீளம், கைச்சுற்று, அக்குள் சுற்று, தோளிலிருந்து டாட் பாயின்ட் என்று பத்து அளவுகள். டேப்பைத் தானே பிடித்துத் தன் உடம்பை அளந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், அளவு மாறிவிடும். அதனால் "வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள்" என்றும் எழுதியிருக்கிறேன். அங்குலமா சென்டிமீட்டரா என்று குறிப்பிடச் சொல்வதையும் மறக்க வேண்டாம்.

எத்தனை நாள் ஆகும் என்று போடுவது? கைவேலை நேரத்தை மட்டும் சொன்னால் போதுமா?

கைவேலை நேரத்தை மட்டும் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். "10 நாளில் ரெடி" என்று போட்டால், ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து பத்தாவது நாள் பிளவுஸ் தன் கையில் இருக்கும் என்றுதான் வாங்குபவர் கணக்குப் போடுவார். நீங்களோ கட்டையில் உட்கார்ந்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில், கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது என்று எழுதுங்கள். என் லிஸ்டிங்கில் துணி, அளவு, முன்பணம் ஆகிய மூன்றும் வந்து சேர்ந்த மறுநாள்தான் முதல் நாள். அடுத்து, வேலை நாள் என்பது ஞாயிறு தவிர்த்த நாள் என்று சொல்லுங்கள். கூரியர் நாள் தனி என்பதையும் அதே இடத்தில் சொல்லுங்கள்.

என் கணக்கைச் சொல்கிறேன். ஆகஸ்ட் 30 அன்று ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். பிளவுஸ் ஒரு வாரம் முன்பே, ஆகஸ்ட் 23 அன்று, கையில் இருக்க வேண்டும். போட்டுப் பார்த்து, பக்கத்தில் பிடிக்கவோ விடவோ வேண்டியிருந்தால் அதற்குத்தான் அந்த வாரம். கூரியருக்கு 4 நாள் வைத்தால் ஆகஸ்ட் 19 அன்று நான் அனுப்பிவிட வேண்டும். அதற்கு முன் என் வேலை: எனக்கு முன்னால் வரிசையில் இருப்பவர்களுக்கு 5 நாள், மார்க்கிங்குக்கு 1 நாள், ஆரிக்கு 8 நாள், தையலுக்கு 2 நாள், ஒட்டிய கல் காய்ந்து, எல்லாவற்றையும் சரிபார்க்க 1 நாள். மொத்தம் 17 வேலை நாள், ஞாயிறுகளோடு சேர்த்தால் 20 நாள். அப்படியானால் ஜூலை 30 அன்று வேலை தொடங்க வேண்டும், துணி அதற்கு முந்தின நாளே என் கையில் இருக்க வேண்டும். அவர் கூரியர் போடும் நாள் அதற்கும் 4 நாள் முன்பு.

ஆரிக்கு 8 நாள் என்றால், நாளைக்கு 5 மணி நேரம் வீதம் 40 மணி நேரம். அதற்கு மேல் உட்கார்ந்தால் கண்ணும் கழுத்தும் ஒத்துழைக்காது, தையல் தளரும். அதனால் இந்த எண்ணைக் குறைத்துக் காட்டாதீர்கள்.

வரிசைக்கான அந்த 5 நாள் மட்டும் நிலையான எண் அல்ல. ஆடியில் முகூர்த்தம் இருக்காது, ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்கான வேலை அப்போதுதான் குவியும். அதே வரிசை அப்போது 15 நாள் வரைகூட நீளும். நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் லிஸ்டிங்கில் அந்த எண்ணை மாற்றுகிறேன்.

அவசரமாக வேண்டும் என்று கேட்டால்?

கூடுதல் பணம் வாங்கி வேறொருவரின் நாளை அவருக்குக் கொடுக்காதீர்கள். அவசரத்துக்கு வேலை குறைவான டிசைனைக் காட்டுங்கள். பின்கழுத்து பார்டர் மட்டும் என்றால் 2 நாளில் முடியும்.

"ரிட்டர்ன் கிடையாது, ரீஃபண்ட் கிடையாது" என்று பெரிதாகப் போட்டுவிடலாமா?

வேண்டாம். அது சட்டப்படியும் நிற்காது.

இந்தியாவில் 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, இணையச் சந்தைகள் மூலம் விற்பவர் சில காரணங்களுக்குப் பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பவோ மறுக்கக் கூடாது. பொருளில் குறைபாடு இருந்தால், விளம்பரத்தில் சொன்னதுபோலவோ ஒப்புக்கொண்டதுபோலவோ இல்லாவிட்டால், சொன்ன தேதிக்கு வராவிட்டால் மறுக்க முடியாது. தாமதத்துக்கு மட்டும், நம் கைமீறிய பேரிடர் போன்ற காரணம் இருந்தால் விலக்கு உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை நியாயமற்ற வணிக முறை என்கிறது. பில்லில் கால அளவு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும்.

அளவெடுத்துச் செய்தது என்பதற்காக இவை நம்மை விட்டுவிடாது. மணி உதிர்ந்தால், லைனிங் சுருங்கிப் பிளவுஸ் இழுத்தால், பச்சை மணி என்று ஒப்புக்கொண்டு நீலம் வைத்தால் நாம்தான் பொறுப்பு. "10 நாள்" என்று ஆசைக்குப் போட்டுவிட்டு 20 நாளில் கொடுத்தாலும் அப்படித்தான். நாள் கணக்கைப் பற்றி மேலே அவ்வளவு சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாம் மறுக்கக்கூடியது, மனம் மாறியதற்கான ரிட்டர்ன். "நினைத்ததுபோல இல்லை", "வேறு புடவை எடுத்துவிட்டோம்" போன்றவை. இந்தியாவில் மனம் மாறினால் திருப்பித் தரும் பொதுவான சட்ட உரிமை கிடையாது, விற்பவர் அறிவித்த விதிதான் பொருந்தும். அதனால் அதை முன்கூட்டியே தெளிவாக அறிவித்திருக்க வேண்டும். காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்: அவருடைய துணியில், அவருடைய உடம்பளவுக்கு வரைந்து செய்த பிளவுஸ் வேறு யாருக்கும் பொருந்தாது. திரும்பி வந்தால் மணியைப் பிரித்தெடுக்கலாம், ஆனால் பட்டில் ஊசித் துளைகள் தெரியும். துணி வீணாகிவிடும்.

பார்சல் பிரிக்கும் வீடியோ எடுக்கச் சொல்வது நல்லதுதான். ஆனால் "வீடியோ இல்லை என்றால் எதையும் ஏற்க மாட்டோம்" என்று எழுதாதீர்கள். உதிர்ந்த மணியைப் போட்டோவில் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தைத்து அனுப்பிய பிறகு அளவு சரியில்லை என்றால் யார் பொறுப்பு?

அளவு ஜாக்கெட்டையோ அனுப்பிய அளவையோ பிளவுஸோடு ஒத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். அதனால் அளவு ஜாக்கெட் வந்ததும் டேப் வைத்து அளந்து, அந்த எண்களை வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பி, சரி என்று பதில் வாங்குங்கள். பிளவுஸை அனுப்பும் முன்பும் அதே இடங்களில் டேப் வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் நம் செலவில் சரிசெய்ய வேண்டும். ஒத்துப்போகிறது, ஆனால் அவர் உடம்பு மாறிவிட்டது என்றால், கூரியர் செலவு அவருடையது, பிரித்துத் தைப்பது என்னுடையது.

எவ்வளவு மாற்ற முடியும் என்பதையும் எழுதுங்கள். பக்கத் தையலில் முன்பகுதியிலும் பின்பகுதியிலும் அரை அங்குலம் வீதம் கூடுதல் துணி உள்ளே விடுகிறேன். இரண்டு பக்கமும் சேர்த்து 2 அங்குலம் வரை பெரிதாக்கலாம், பழைய தையல் தடம் லேசாகத் தெரியக்கூடும். கழுத்து, தோள், ஆரி உள்ள கையின் ஓரம் ஆகியவற்றை மாற்ற முடியாது. வளைகாப்புப் பிளவுஸுக்கு இந்தக் கூடுதலை இரண்டு மடங்காக விடுகிறேன்.

நடுவில் கேன்சல் செய்தால் முன்பணத்தை என்ன செய்வது?

வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதை வைத்து முடிவு செய்யுங்கள். நான் பாதித் தொகையை முன்பணமாக வாங்குகிறேன். மார்க்கிங் போடும் முன் கேன்சல் என்றால் துணியைத் திருப்பி அனுப்பும் கூரியரை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவேன். மார்க்கிங் முடிந்து ஆரி தொடங்கியிருந்தால் அதுவரை செய்த வேலைக்கும் போட்ட மணிக்கும் கழிப்பேன். ஆரி முடிந்த பிறகு முன்பணம் திரும்பாது. "மார்க்கிங் போடப் போகிறேன்" என்று அந்த நாளில் ஒரு செய்தி அனுப்பிவிடுவது அவசியம். அதற்கு மேல் திரும்ப முடியாது என்று அவருக்கு அப்போதுதான் தெரியும்.

லண்டனில் இருந்து ஆர்டர் கொடுத்தவர் 14 நாள் ரிட்டர்ன் உரிமை உண்டு என்கிறாரே?

பிரிட்டனில் ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யும் உரிமை 2013 விதிகளில் இருக்கிறது. ஆனால் வாங்குபவர் சொன்ன விவரப்படி செய்த பொருளுக்கு அதே விதிகள் விலக்கு தருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே விலக்கு உண்டு. குறைபாடு இருந்தால் அங்கேயும் விலக்கு கிடையாது.

ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். 34, 36, 38 என்று ரெடிமேட் அளவில், நாம் வைத்திருக்கும் நாலு நிறத்தில் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்து, அதற்குப் பிறகு தைத்தால், அது அவர் விவரப்படி செய்ததாக எடுத்துக்கொள்ளப்படாது. ஆர்டர் வந்த பிறகு தைத்தோம் என்பது மட்டும் போதாது. அந்த வகைப் பிளவுஸுக்கு ரிட்டர்ன் விதியைத் தனியாக எழுதுங்கள். அதைத் திரும்ப எடுத்தால் வேறொருவருக்கு விற்கவும் முடியும்.

அப்படியே எழுதிக்கொள்ள ஒரு மாதிரி தர முடியுமா?

என் லிஸ்டிங்கில் இருப்பது இது. எண்களை உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"இந்தப் பிளவுஸ் உங்கள் துணியில், உங்கள் அளவுக்குச் செய்யப்படும். துணியை வெட்டும் முன்பே உங்கள் கழுத்து அளவை வரைந்து அதன்மேல் ஆரி போடுகிறோம். அதனால் மார்க்கிங்குக்குப் பிறகு கழுத்தையும் தோளையும் மாற்ற முடியாது. படத்தில் இருப்பது முன்பு செய்தது. பின்கழுத்தில் 2 அங்குலம், முன்கழுத்தில் 1 அங்குலம், கையில் 4 அங்குலம் வேலை வரும். நீங்கள் அனுப்ப வேண்டியவை: பிளவுஸ் துணி, இப்போது சரியாக இருக்கும் அளவு ஜாக்கெட், விசேஷத் தேதி. இவையும் முன்பணமும் வந்த மறுநாளிலிருந்து 17 வேலை நாள், கூரியர் தனி. எங்கள் வேலையில் குறை இருந்தாலோ, ஒப்புக்கொண்டதுபோல இல்லாவிட்டாலோ, சொன்ன தேதி தவறினாலோ சரிசெய்து தருவோம் அல்லது பணத்தைத் திருப்புவோம். மனம் மாறியதற்காகத் திரும்ப எடுக்க இயலாது, ஏனெனில் உங்கள் அளவுக்குச் செய்ததை வேறு யாருக்கும் தர முடியாது. பக்கத்தில் 2 அங்குலம் வரை பெரிதாக்க உள்ளே துணி விட்டிருக்கிறோம்."

இவ்வளவு நீளமாக எழுதினால் யார் படிப்பார்கள்?

பாதிப் பேர் படிக்க மாட்டார்கள். அதனால்தான் மார்க்கிங்குக்கு முந்தின நாள் நான்கு விஷயங்களை மட்டும் வாட்ஸ்அப்பில் மறுபடி அனுப்புகிறேன்: பத்து அளவுகள், டிசைன் படம், துணிமேல் மணி வைத்து எடுத்த போட்டோ, அனுப்பும் தேதி. "சரி" என்று பதில் வந்த பிறகுதான் துணியைக் கட்டையில் கட்டுவேன். போன மாதம் ஒருவர் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, "அக்கா, கை நீளம் 10 இல்லை, 11" என்றார். அவர் அம்மா அளந்ததில் ஒரு அங்குலம் விட்டுப்போயிருந்தது. டிரேசிங் பேப்பரை ஒரு அங்குலம் தள்ளி வைத்தேன், அவ்வளவுதான் வேலை.